சத்தியம் செய்யாத ஒரு மன்னிப்பு

(டிவிஷன் குடும்பக் கூட்டம் ஒன்றில் கவ்வாத்துத் தொழிலாளி ஒருவர் பேசியது. பேசியவரும் அவருடைய மனைவியும் சம்மதித்தபடி, பெயரும் தோட்டமும் இல்லாமல் வெளியிடுகிறோம்.)



குடியை விட்டது எப்படி என்று பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைப் பற்றிப் பேச டாக்டர்மார் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறு. ஒரே வார்த்தையைப் பலமுறை கேட்டுக் காது புளித்துப்போன ஒரு மனுசியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதைப் பற்றி. அந்த மனுசி என் மனைவி. மூன்றாவது வரிசையில் இருக்கிறா. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி 22 வருடம். அதில் 15 வருடமாவது நான் குடித்தேன். சம்பளம் வந்தால் சாராயம், கை காய்ந்தால் கசிப்பு. இந்தக் காலத்தில் எத்தனை தடவை "இனி குடிக்க மாட்டேன்" என்று சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மூத்த மகளின் தலையில் கை வைத்துச் சொன்னேன். மாரியம்மன் கோவிலில் சூடம் அணைத்துச் சொன்னேன். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வந்தபோது, "கூடுற காசை அப்படியே உன் கையில குடுக்கிறேன்" என்று சொன்னேன். அந்த ஆயிரத்தின் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு வந்தது பாதிகூட இல்லை.

பொய் சொல்ல வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சொல்லும்போது எல்லாமே உண்மைதான். கண்ணில் தண்ணீர்கூட வரும். அப்படியிருந்தும் ஏன் ஒன்றுகூட நிற்கவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்ட மன்னிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

எப்போதும் குடித்த மறுநாள் காலையில்தான் கேட்பேன். அவ பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பா. நேற்று என்ன செய்தேன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நாளையைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காத புள்ள, ஒரு தேத்தண்ணி குடு" என்பேன். அவ தேத்தண்ணி தந்துவிட்டால் எனக்கு மனது லேசாகிவிடும். எனக்கு அதோடு முடிந்தது. அவவுக்கு அங்கேதான் ஆரம்பம். அன்றைக்கு இருந்து பத்தாம் திகதி வரைக்கும் ஒவ்வொரு சாயந்தரமும் நான் எந்த நடையில் வருகிறேன் என்று லயத்து வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

நமக்கெல்லாம் முன்பணம் தெரியும். கையில் வாங்கும்போது சந்தோசம். சம்பளத் துண்டைப் பார்க்கும்போது கழித்திருப்பார்கள். சத்தியம் என்று சொல்லி நான் அவவிடம் வாங்கியதெல்லாம் நம்பிக்கையின் முன்பணம். என் துண்டில் எப்போதுமே கழிக்கப்படவில்லை. அவவுடைய துண்டில்தான் கழித்தார்கள்.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். மகளின் சடங்குக்கு அவளுடைய தாய்மாமன் ஒரு சோடி தோடு போட்டார். அதை நான் 24 ஆயிரத்துக்கு அடகு வைத்தேன். ஒரு தவணைக்குள் மீட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். தவணை முடிந்தது. கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைத்தேன். தோடு ஏலத்தில் போய்விட்டது. தபால் துண்டு என் கம்பளிச் சட்டையில் இருந்ததை அவ துவைக்கும்போது கண்டா.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "இந்த ஒரு தடவை மட்டும்..." என்று வாயெடுக்கும்போதே அவ கையைக் காட்டி நிறுத்தினா. சத்தம் போடவில்லை. "இனி எனக்குச் சத்தியம் வேணாங்க. என்ன செய்யப் போறீங்கன்னும் சொல்ல வேணாம். என்ன செஞ்சீங்கன்னு என்னைக்காவது ஒரு நாள் சொல்லுங்க. அது போதும்" என்றா.

அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கோபத்தில் சொல்கிறா என்றுதான் நினைத்தேன். அன்று இரவோடு குடியை நிறுத்தினேன், யாரிடமும் சொல்லாமல்.

சகோதரர்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். நாள் தவறாமல் அதிகமாகக் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எனக்கு மறுநாள் காலையிலேயே கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. தூக்கம் இல்லை. இரண்டாம் நாள் இஸ்தோப்பில் விழுந்து வலிப்பு வந்தது. பேய் அடித்தது என்றார்கள் சிலர். ஒரு மொடக்கு குடுத்தால் சரியாகும் என்றார்கள் சிலர். தோட்டத்து வைத்தியர்தான் லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் விளக்கினார். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் போனதும் நடுக்கம் ஆரம்பிக்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணில் தெரியும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இதற்கு மாத்திரை இருக்கிறது. ஒவ்வொரு நாளாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள்.

இதை ஏன் மன்னிப்புப் பற்றிய பேச்சில் சொல்கிறேன்? "நாளையில இருந்து ஒரு சொட்டுத் தொட மாட்டேன்" என்ற சத்தியம், நல்ல மனதோடு செய்தாலும், என்னைப் போல ஆளுக்கு உடம்பே நிறைவேற்ற விடாத சத்தியம். மூன்றாம் நாள் நடுக்கம் தாங்காமல் குடித்துவிடுவான். வீட்டுக்காரி அதைத் துரோகம் என்று நினைப்பா. அவனும் தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைப்பான். அதற்குப் பதிலாக "கிளினிக் போகலாம், நீயும் கூட வா" என்று சொல்வது சின்ன வார்த்தை. ஆனால் அன்றைக்கே செய்துகாட்டக்கூடிய வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் காசு கேட்பதில்லை. போவதற்கு வெட்கமாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு முதலில் பேசிப் பார்க்கலாம்.

கிளினிக்கில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஒரு சபையைப் பற்றி அவர் சொன்னார். ஏ.ஏ. என்பார்கள், 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களுக்குப் பன்னிரண்டு படி. எட்டாவது படியில், யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுத வேண்டும். ஒன்பதாவது படியில்தான் அவர்களிடம் போய் ஈடு செய்ய வேண்டும், அதுவும் அப்படிப் போவதால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ மேலும் தீங்கு வராது என்றால் மட்டும். "பாரு தம்பி, மன்னிப்புக் கேக்கிறது முதல் படியில இல்ல. நீ எப்பவும் முதல் படியிலேயே கேட்டுட்டு இருந்திருக்க" என்றார். அப்போதுதான் என் மனைவி சொன்னது எனக்கு விளங்கியது.

மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்க மூன்று கிழமை ஆனது. "உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்" என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அது யாருக்கும் பொருந்தும். நான் செய்ததை நான் செய்தபடி எழுத வேண்டியிருந்தது. தோட்டை அடகு வைத்தது. கடிதத்தை ஒளித்தது. அவவுடைய தம்பி கல்யாணத்தில் பந்தியில் விழுந்தது. அந்த வீட்டுக்கு அவ இரண்டு வருடம் போகாமல் இருந்தது.

எழுதக் கை வராத ஒன்று இருந்தது. ஒரு இரவு நான் அவவைத் தள்ளிவிட்டேன். கை மணிக்கட்டில் அடி. மறுநாள் வீங்கிய கையோடு மலைக்குப் போனா. கங்காணி கேட்டதற்கு, கானில் சறுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னா. கொழுந்து குறைந்து அன்றைக்கு அரைப்பேர். நான் தள்ளியது ஒரு குற்றம். எனக்காக அவ பொய் சொல்ல வேண்டி வந்தது இன்னொரு குற்றம். இழந்த அரைநாள் சம்பளம் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக எழுதினேன்.

குடியை நிறுத்தி ஒன்பதாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், "நீ கேட்டதச் சொல்லவா, இன்னைக்கு முடியுமா?" என்று கேட்டேன். "அடுத்த ஞாயிறு" என்றா. சரி என்றேன். முன்பென்றால் அதற்கே கோபம் வந்திருக்கும். அடுத்த ஞாயிறு பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குசினியில் உட்கார்ந்து வாசித்தேன்.

அந்தப் பெரியவர் சில வார்த்தைகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். "ஆனா" என்று சொல்லக்கூடாது. "வெறியில செஞ்சது" என்று சொல்லக்கூடாது, அது குடியின் மேல் பழி போடுவது. "நீயும் அன்னைக்கு..." என்று ஆரம்பிக்கவே கூடாது. வாசித்து முடித்ததும் "மன்னிச்சிட்டியா?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவ பதில் சொல்லியாக வேண்டும். அது இன்னொரு வேலையை அவ தலையில் வைப்பது. "இதெல்லாம் நான் செஞ்சது. உன் மேல ஒரு பிழையும் இல்ல. நீ எதுவும் சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "ரெண்டு விட்டுப் போச்சு" என்றா. ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தும் எழுதாமல் விட்டது. ஒத்துக்கொண்டேன். மற்றது என்ன என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறா, சொல்லவில்லை. அது எனக்குச் சத்தியமாக ஞாபகமே இல்லை. வாய் வரைக்கும் வந்தது, "நான் அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்" என்று. கடுமையான வெறியில் மூளை நடந்ததைப் பதிவே செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் நடப்பான், பேசுவான், சண்டை போடுவான், மறுநாள் ஒன்றும் இருக்காது. எனக்கு ஞாபகம் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. நடந்ததைப் பார்த்தவ அவ. "எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொல்றத நம்புறேன்" என்று சொல்லி, அவ முன்னாலேயே கொப்பியில் எழுதினேன். அன்றைக்கு முழுவதிலும் அவ அழுதது அந்த ஒரு நேரம்தான்.

இனிக் குடிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, என்னைக் கேட்காமலே அவ பார்த்துக்கொள்ளக்கூடிய மூன்று காரியங்களைச் செய்தோம். சம்பளத் துண்டு மடிப்புக் கலையாமல் அவ கைக்குப் போகும், பேங்க் கார்டும் அவவிடம். கிளினிக் கொப்பி சுவரில் ஆணியில் தொங்கும், திகதி போட்டிருக்கும், போனேனா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். எனக்குக் கடன் குடுக்கும் இரண்டு கடைக்கும் நானே போய், இனி என் பேரில் கடன் எழுத வேண்டாம் என்று அவவுக்கு முன்னால் சொன்னேன்.

நாலாவதாக ஒன்றையும் பேசிக்கொண்டோம். விழுந்தால் என்ன செய்வது? அன்றைக்கு இரவே, அவ மோந்து பார்ப்பதற்கு முன்னால், நானே சொல்ல வேண்டும். அன்று அண்ணன் வீட்டில் படுக்க வேண்டும். மறுநாள் கிளினிக் போக வேண்டும். சத்தியத்தில் விழுவதற்கு இடமே இல்லை. அதனால்தான் விழுந்தவன் ஒளிக்கிறான்.

நான் விழுந்தேன். தீபாவளி முற்பணம் வாங்கிய அன்று. வாசலில் நின்று "குடிச்சிட்டேன்" என்று சொன்னேன். போர்வையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒன்பது நாள் அவ என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்க வாய் அரித்தது. கிளினிக்கில் இருந்த தாதி சொன்னா, "ஒரு தடவை சொல்லிட்டீங்க தானே. இனிமேல் சொல்றது உங்க மனசு ஆறுறதுக்கு." நான் சும்மா இருந்தேன். தண்ணீர் எடுத்தேன், விறகு உடைத்தேன், கிளினிக் போனேன். கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாள் போய்க் கொழுந்து தேடுகிறவன் கிடையாது. தளிர் வர மாதக்கணக்கில் ஆகும், அது செடியின் வேலை. நாம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் சீக்கிரம் வராது.

அந்த விழுதலுக்குப் பிறகு இன்றைக்கு 16 மாதம். என்ன மாறியது என்று கேட்பீர்கள். சாயந்தரம் அவ வாசலில் வந்து நிற்பது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, ஒரு நாள் பார்த்தேன், நிற்கவில்லை. போன மாதம் சம்பளத் துண்டு பிரிக்காமலே தட்டில் இரண்டு நாள் கிடந்தது. தோடு வரவில்லை, வரவும் வராது. சீட்டுப் போட்டு வேறு ஒரு சின்னத் தோடு வாங்கினோம். அது மாமன் போட்ட தோடு அல்ல என்று மகளிடம் நானே சொல்லித்தான் குடுத்தேன்.

தாய்மார்களுக்கு ஒன்று. ஒருவன் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டான் என்பதற்காக நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் செய்ததெல்லாம் செய்த பிறகும் என் மனைவி என்னை விட்டுப் போயிருந்தால் அதில் பிழை இல்லை. வீட்டில் இன்றைக்கும் அடி விழுகிறதென்றால், முதலில் வேண்டியது மன்னிப்பு அல்ல, பாதுகாப்பு. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்களும் கேட்கலாம், உங்களுக்காகப் பொலிசும் கேட்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதம் வரைக்கும் செல்லும். கானில் சறுக்கி விழுந்தேன் என்று கங்காணியிடம் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ஆண்களுக்கு என் மனைவி சொல்லி அனுப்பியதையே சொல்கிறேன். இங்கே பேச வருவதற்கு முன்னால் அவவிடம் கேட்டேன், "நீ என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லலாமா?" என்று. கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தா. திரும்பாமலே சொன்னா:

"அப்படிச் சொல்லாதீங்க. பார்த்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க."

அதைத்தான் சொல்லிவிட்டேன்.